சொற்பட்டியலைச் சரிபார்ப்பதில் சிக்கல், உதவி தேவை

மருதமுனைக் கைத்தறி விற்கும் கடைக்கு மொழி மாதிரியை வைத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் விவரம் எழுதுகிறோம். கடைக்காரர் ஒப்புக்கொண்ட சொல் 'சாரம்'; 'லுங்கி' கூடாது. போன மாதம் இப்படி ஒப்புக்கொண்ட சொற்களின் முழுப் பட்டியலையும் கட்டளையோடு கொடுத்தோம்; தமிழில் மட்டும் லுங்கி நுழைந்தது. அந்தந்தப் பொருளுக்குரிய சொற்களை மட்டும் கொடுத்ததும் அது நின்றுவிட்டது.

இப்போது தகராறு, ஒப்புக்கொண்ட சொல் விவரத்தில் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் பைதான் நிரலில்தான். 'சாரம்' என்று தேடினால் 'சாரத்தை' அகப்படாது. புள்ளி போய்விடுவதால் 'சாரமும்' கூட அகப்படாது. சரி என்று 'சார' எனச் சுருக்கினால் மின்சாரமும் கலாசாரமும் தேறிவிடுகின்றன! முன்னால் `\b` போட்டும் பயனில்லை: `re` புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாக எண்ணாததால், மின்சாரத்தின் நடுவிலேயே புதுச் சொல் தொடங்குவதாக எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த வம்பே இல்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை வடிவங்களைப் பட்டியலிலேயே எழுதி வைப்பதா, உருபைப் பிரித்து அடிச்சொல்லை எடுக்கும் கருவியை நம்புவதா? செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?