கொசுவத்தில் சாயம் வளையுமா, அறுபடுமா?

சிக்பேட்டை_செல்வி: புடவைக் கடை கேட்லாக்குக்குப் போட்டோஷாப்பில் படம் செய்கிறேன். வெள்ளைப் புடவை போட்டோ மேல் டை அண்ட் டை டிசைனை `Multiply`-இல் வைத்து `Displace` போட்டேன். கொசுவத்தில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது. ஏன்?

ராகவன்: `Displace` அளவு பத்தாது. கூட்டுங்கள். சாயம் மடிப்போடு வளைந்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அல்சூர்_அம்மா: எனக்கும் இதே தொல்லைம்மா! போன மாதம் வாங்கிய சுங்குடி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டுவிட்டது.

ராகவன்: அம்மா, இது கம்ப்யூட்டர் புடவை.

மணி_3டி: ராகவன், முந்தானை தோளிலிருந்து தளர்வாக விழும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. கொசுவத்தில் சரிவராது. `Displace` வெளிச்சத்தைப் பார்த்துப் புள்ளிகளை நகர்த்தும். துணியை ஒளித்து வைக்காது. கொசுவத்தில் பாதித் துணி உள்ளே போய்விடுகிறதே!

செல்வி, ஒரு மடிப்பு 5 அங்குலம் என்று வையுங்கள். முன்பக்கம் 5, உள்ளே திரும்புவது 5. ஆக, அடுத்த மடிப்பின் முகம் துணியில் 10 அங்குலம் தள்ளித்தான் தொடங்கும். 8 அங்குல வட்டம் ஒன்று மடிப்பின் இடது ஓரத்தில் தொடங்கினால் 5 தெரியும், மீதி 3 உள்ளே மறையும். பக்கத்து மடிப்பில் அந்த வட்டத்தின் தொடர்ச்சி இருக்கவே கூடாது. உங்கள் படத்தில் அது தொடர்கிறது, அதுதான் ஸ்டிக்கர். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தபோது இருந்த மடிப்பு வேறு, கட்டும்போது வரும் மடிப்பு வேறு.

ஒவ்வொரு மடிப்புக்கும் தனி மாஸ்க் போட்டு, அதன் இடது ஓரத்தில் தட்டை டிசைன் முந்தைய மடிப்பைவிட 10 அங்குலம் தள்ளித் தொடங்கும்படி வையுங்கள். `Displace` அதற்குப் பிறகு, கொஞ்சமாக.

ராகவன்: ஷேடட் புடவைக்கு இது தேவையில்லையே?

மணி_3டி: கரைக்குக் கரை நிறம் மாறினால் தேவையில்லை. முழங்கால் உயரத்தில் எல்லா மடிப்பும் ஒரே நிறம்தான். நீளவாக்கில் மாறினால் மடிப்புக்கு மடிப்பு படிக்கட்டு போலக் குதிக்கும். வழுவழுவென்று ஓடினால் பொய்.

சிக்பேட்டை_செல்வி: இரண்டு மடிப்பில் செய்து பார்த்தேன். வட்டம் ஓரத்தில் வெட்டுப்பட்டதும் சட்டென்று துணி ஆகிவிட்டது! ஆனால் பள்ளத்தில் மஞ்சள் அழுக்காகத் தெரிகிறது.

மணி_3டி: நிழல் சாம்பல் நிறமாக இருப்பதால். மஞ்சள் பள்ளத்துக்குள் மஞ்சள் வெளிச்சமே மாறி மாறி எதிரொளிக்கும். அங்கே நிறம் அடர்ந்து, ஆரஞ்சுப் பக்கம் போகும். நிழலுக்கு அந்தச் சாயலைக் கொடுங்கள்.

ராகவன்: நாளைக்கு நாற்பது படம் கொடுக்க வேண்டும் என்றால் இதெல்லாம் முடியுமா? வாங்குபவர் பார்ப்பது முந்தானையைத்தான்.

மணி_3டி: பாத்திக்கில் மெழுகு விரிசல் கோடு மடிப்பைத் தாண்டி நேராகப் போனால் வாங்குபவருக்கே உறுத்தும்.

ராகவன்: உங்களுக்கு உறுத்தும், சார்.

அல்சூர்_அம்மா: அப்போ என் சுங்குடிக்கு?