சுற்றுவட்ட மையம்: மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, ஆனால் தூரங்கள் சமமாக இல்லை

பிரிக்பீல்ட்ஸ் தந்தை
வணக்கம். படிவம் 4-இல் படிக்கும் என் மகள் நாளை கூடுதல் கணிதப் பயிற்சியை ஒப்படைக்க வேண்டும். முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தை மையக்குத்துக்கோடுகளின் சமன்பாடுகளைக் கொண்டு காணச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கோடுகளும் (3, 10/3) என்ற புள்ளியில் பிசகாமல் சந்திக்கின்றன. ஆனால் அங்கிருந்து முனைகளுக்கு உள்ள தூரங்கள் வெவ்வேறாக வருகின்றன. வினாவே தவறா?

ஜார்ஜ்டவுன் குமரன்
முனைகளைத் தராமல் எப்படிச் சொல்வது, ஐயா? பக்கங்களில் ஒன்று x அச்சுக்கு இணையாக இருக்கிறதா? அதன் சாய்வு 0 என்பதால் செங்குத்துக்கோட்டின் சாய்வைக் காணும்போது 0-ஆல் வகுக்க நேரிடும். பெரும்பாலும் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் மாணவி
மூன்று முனைகளின் x மதிப்புகளைக் கூட்டி 3-ஆல் வகுத்து, y மதிப்புகளுக்கும் அப்படியே செய்தால் மையம் வந்துவிடுமே?

அம்பாங் சுபா
தங்கையே, அவ்வாறு கிடைப்பது நடுக்கோட்டு மையம்; இங்கே கேட்கப்பட்டிருப்பது வேறு. ஐயா, முனைகளோடு, நீங்கள் எழுதிய சமன்பாடுகளில் இரண்டையாவது அப்படியே இடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தந்தை
A(1, 2), B(7, 2), C(3, 8). AB-க்கு x = 3 என்றும், BC-க்கு y − 2 = (2/3)(x − 1) என்றும் எழுதினோம்.

ஜார்ஜ்டவுன் குமரன்
நான் சொன்னது போலவே AB கிடைக்கோடுதான்.

அம்பாங் சுபா
கிடைக்கோடு என்பது உண்மை, ஆனால் சிக்கல் அதனால் வரவில்லை. AB-க்குச் செங்குத்தான கோடு x = ஓர் எண் என்ற வடிவில்தான் இருக்கும்; அதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருக்கிறார்கள். AB-ஐ விட்டுவிட்டாலும் இதே (3, 10/3) தான் வரும்.

இரண்டாம் சமன்பாட்டைக் கவனியுங்கள். BC-இன் சாய்வு −3/2, ஆகவே செங்குத்துக்கோட்டின் சாய்வு 2/3, அதுவும் சரியே. ஆனால் அதில் பதிலிட்டிருக்கும் (1, 2) என்ற புள்ளி A. அது BC-இன் மீதே இல்லை. அதுபோலவே x = 3 என்ற கோடு C-இன் வழியே செல்கிறது. எதிர்முனையிலிருந்து பக்கத்துக்கு வரையும் செங்குத்துக்கோடுகள் இவை. இவையும் எந்த முக்கோணத்திலும் ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். அந்தப் புள்ளி செங்கோட்டு மையம். ஆகையால் மூன்று கோடுகள் சந்திப்பதை மட்டும் வைத்து விடை சரி என்று கொள்ள முடியாது. தூரங்களைச் சரிபார்த்ததால்தான் பிழை வெளியே தெரிந்தது.

முனைக்குப் பதிலாகப் பக்கத்தின் நடுப்புள்ளியை இடுங்கள். AB-இன் நடுப்புள்ளி (4, 2), எனவே x = 4. BC-இன் நடுப்புள்ளி (5, 5), எனவே y − 5 = (2/3)(x − 5). இதில் x = 4 என்று இட்டால் y = 13/3. மையம் (4, 13/3). A, B, C மூன்றுக்கும் தூரத்தின் வர்க்கம் 130/9 என்று வர வேண்டும்.

பழைய வாத்தியார்
இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? இந்த வினா இங்கே வரும்போதெல்லாம் நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. மையத்தை P(x, y) என்று கொண்டு PA² = PB² என்று எழுதுங்கள். (x − 1)² + (y − 2)² = (x − 7)² + (y − 2)² என்பதை விரித்தால் 12x = 48, அதாவது x = 4. நடுப்புள்ளி, சாய்வு, 0-ஆல் வகுத்தல் எதுவும் வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் குமரன்
வாத்தியார் ஐயா, வினாவில் மையக்குத்துக்கோடு என்று குறிப்பிட்டிருக்கும்போது இந்த வழிக்கு முழு மதிப்பெண் கிடைக்குமா?

பழைய வாத்தியார்
A-க்கும் B-க்கும் சம தூரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதானே AB-இன் மையக்குத்துக்கோடு? x = 4 என்பது அதே கோட்டின் சமன்பாடு. இதை ஏற்காத ஆசிரியர் கணக்கைப் பார்க்காமல் சடங்கைப் பார்க்கிறவர்.

பட்டர்வொர்த் தோட்டக்காரர்
என் தோட்டத்தில் மூன்று தென்னைகளுக்கும் சம தூரத்தில் நீர்க்குழாய் வைக்க இதே முறையில் கணக்கிட்டேன். மையம் வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் வருகிறது. நானும் நடுப்புள்ளியை விட்டுவிட்டேனோ?

அம்பாங் சுபா
அப்படி இருக்க வேண்டியதில்லை, அண்ணா. மூன்று மரங்களும் ஏறக்குறைய வரிசையில் நின்றால் ஒரு கோணம் 90 பாகையைத் தாண்டிவிடும். அப்போது மையம் முக்கோணத்துக்கு வெளியேதான் விழும். மரங்கள் நேர்வரிசைக்கு நெருங்க நெருங்க அது இன்னும் விலகிப்போகும். முழுதும் ஒரே நேர்கோட்டில் நின்றால், மையக்குத்துக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகிவிடுவதால் மையமே கிடையாது.

பிரிக்பீல்ட்ஸ் தந்தை
மூன்றும் 130/9 என்றே வந்தன. மிக்க நன்றி, அம்மா.

ஜார்ஜ்டவுன் குமரன்
வாத்தியார் ஐயா, கோடு ஒன்றே என்பதை நான் மறுக்கவில்லை. நடுப்புள்ளிக்கும் சாய்வுக்கும் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்கியிருந்தால், அவை இரண்டும் இல்லாத விடைத்தாளைத் திருத்துபவர் என்ன செய்வார் என்பதுதான் என் கேள்வி.