லக்ரேற் வாசலா, தேங்கு வரம்பா? ஓட்டக்காரருக்கான ஒரு கலைச்சொல்

நிரஞ்சன் எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் நீண்டதூர ஓட்டம் பழக்குபவர்களுக்காக நாங்கள் தொகுக்கும் சொற்பட்டியலில் ஒரு சொல் இழுபடுகிறது. ஓட்டத்தின் வேகம் கூடும்போது, தசை உண்டாக்கும் லக்ரேற் என்ற பொருள் இரத்தத்தில் ஏறத் தொடங்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘லக்ரேற் த்ரெஷோல்ட்’ என்கிறார்கள். இப்போதைக்கு ‘லக்ரேற் வாசல்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இந்தியப் பௌதிகப் புத்தகங்களில் ‘பயன்தொடக்கம்’ என்றொரு சொல் உண்டு. அதை மைதானத்தில் யாராவது வாயால் சொல்வார்களா என்பது சந்தேகம். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள். அந்த இடத்தை ஒட்டிய வேகத்தில் விடாமல் ஓடும் பயிற்சிக்கு ‘ரெம்போ ஓட்டம்’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

யோகன் மாஸ்டர் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ‘லக்ரிக் அமில எல்லை’ என்று போடுங்கள். வேகமாக ஓடும்போது ஒட்சிசன் போதாமல் போகிறது, தசையில் அமிலம் சேர்கிறது, கால் எரிகிறது. அடுத்த நாள் படி இறங்க முடியாமல் நோவதும் அதனால்தான். ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால் பெடியன் நின்றுவிடுவான். அந்த அளவுதான் எல்லை. இத்தனை வருடமாக மக்கெய்சர் மைதானத்தில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை.

வனஜா எழுதியது:

மாஸ்டர் சொல்வதில் ஒரு பாதி சரி. ஒரு வேகத்துக்கு மேல் போனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது, அந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும். ஆனால் ‘அமில’ என்ற சொல்லை உள்ளே விட்டால் பிழையான காரணமும் சேர்ந்து வந்துவிடும்.

சும்மா கதிரையில் இருக்கும்போதும் எங்கள் இரத்தத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல் லக்ரேற் இருக்கிறது. ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும் தசை அதை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். உண்டானது வீணாகவும் போவதில்லை. பக்கத்துத் தசைநார்களும் இதயமும் அதை எரிபொருளாக எடுக்கின்றன, ஈரல் அதைத் திரும்பவும் குளுக்கோசாக மாற்றுகிறது. ஜோர்ஜ் புரூக்ஸ் என்ற உடற்றொழிலியலாளர் 1980களிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார். ஆகவே கேள்வி, லக்ரேற் இருக்கிறதா இல்லையா என்பதல்ல. வருகிற அளவும் போகிற அளவும் சமமா என்பதுதான். கந்தளாய்க் குளத்துக்கு வருகிற தண்ணீரும் வாய்க்காலால் போகிற தண்ணீரும் ஒரே அளவாக இருக்கும்வரை நீர்மட்டம் அசையாது. வரத்து ஒரு படி கூடினால் மட்டம் ஏறத் தொடங்கும், பிறகு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்த நாள் நோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் அளவில் லக்ரேற் பழைய நிலைக்கு வந்துவிடும். நோவு உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்து. பிள்ளைகளை உவர்மலையில் கீழ்நோக்கி ஓடவிட்டுப் பாருங்கள் மாஸ்டர். இறக்கத்தில் மூச்சே வாங்காது, லக்ரேற்றும் பெரிதாக ஏறாது. ஆனால் மறுநாள் தொடை கொல்லும். அது தசைநார் இழுபட்டதால் வருகிற நோவு.

அப்புறம், இப்படியான இடங்கள் இரண்டு இருக்கின்றன. மெல்லோட்டத்திலிருந்து வேகத்தைக் கூட்டும்போது லக்ரேற் முதன்முதலாக ஓய்வுநிலையை விட்டு மேலே எழும்பும் இடம் ஒன்று. அது பெரும்பாலும் 2 மில்லிமோலை ஒட்டி வரும். எழும்பினாலும் அங்கே ஒரு மட்டத்தில் நிற்கும். இன்னும் வேகம் கூடினால் நிற்காமல் ஏறத் தொடங்கும் இடம் அடுத்தது. அதற்குப் புத்தகங்களில் 4 மில்லிமோல் என்று எழுதியிருப்பார்கள். அது சராசரி மட்டுமே. ஒருவருக்கு 3 இலேயே வரும், இன்னொருவர் 6 இலும் நிதானமாக ஓடுவார். ‘வாசல்’ என்றால் இந்த இரண்டில் எது? ரெம்போ ஓட்டம் குறிவைப்பது இரண்டாவதை. அதற்கு ‘தேங்கு வரம்பு’ என்றும் முதலாவதற்கு ‘முதல் ஏற்றம்’ என்றும் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ரமீஸ் எழுதியது:

சலாம். நான் கிண்ணியா. சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். என்னுடைய கேள்வி வேறு. போன கிழமை நிலாவெளி ரோட்டில் ரெம்போ ஓடினேன். என் மணிக்கூடு எல்லைக்குரிய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று சொல்கிறது. ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே 172 காட்டியது, அப்படியென்றால் சரியாக எல்லையில்தானே ஓடியிருக்கிறேன்? என் 10 கிலோமீற்றர் நேரம் 55 நிமிடம். அன்றைக்கு 4 கிலோமீற்றரும் 5:10, 5:20, 5:45, 6:05 என்று வந்தது. சராசரி 5:35. அதுதான் என் ரெம்போ வேகம் என்று ஒரு அட்டவணையும் சொல்கிறது. ஆனால் கடைசியில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. எனக்கு வரம்பு குறைவா?

வனஜா எழுதியது:

ரமீஸ், சராசரி சரி, ஓடிய விதம் சரியில்லை. 10 கிலோமீற்றரை 55 நிமிடத்தில் ஓடுபவர் கிலோமீற்றருக்கு 5:30 போகிறார். போட்டியென்று வந்தால் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக, 5:35 அளவில், ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம். தேங்கு வரம்பு அந்த அயலில்தான் இருக்கும். நீங்கள் முதல் கிலோமீற்றரை 5:10 இல் போனபோதே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். லக்ரேற் ஏறத் தொடங்கியது. பிறகு 5:45, 6:05 என்று விழுந்தது அதற்குக் கொடுத்த விலை. கடைசி இரண்டு கிலோமீற்றரில் உங்கள் வேகம் வரம்புக்குக் கீழே, உடம்பு மட்டும் மேலே. நான்கு கிலோமீற்றரில் ஒன்றுகூட உண்மையில் வரம்பில் ஓடப்படவில்லை.

172 ஐயும் நம்ப வேண்டாம். முதல் நிமிடத்தில் நாடி அவ்வளவு தூரம் ஏறாது, ஏற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். கையில் கட்டும் மணிக்கூடு சிலவேளை காலடியை எண்ணிவிட்டு அதை நாடி என்று காட்டும். நிமிடத்துக்கு 170 அடி அளவில் வைப்பவர்களுக்கு இந்தக் கோளாறு அடிக்கடி வரும். சந்தேகமென்றால் நின்று கழுத்தில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். விடிய 5:15 அளவில் உப்புவெளிப் பக்கம் தொடங்கி 12, 15 நிமிடம் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய மெல்லோட்டம். பிறகு 10 நிமிடம் ரெம்போ, 2 நிமிடம் மெல்லோட்டம், திரும்பவும் 10 நிமிடம் ரெம்போ. கடைசியில் 10 நிமிடம் மெதுவாக. முதல் கிலோமீற்றரை வேண்டுமென்றே 5:40 இல் விடுங்கள். ‘இது என்ன சப்பென்று இருக்கிறது’ என்று தோன்ற வேண்டும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மூன்று நான்கு சொல் சொல்லி மூச்செடுக்கிற நிலைதான் சரியானது. முழு வசனம் வந்தால் மெதுவாக ஓடுகிறீர்கள், ‘ம்’ மட்டும் வந்தால் தாண்டிவிட்டீர்கள். முடிக்கும்போது இன்னும் 10 நிமிடம் இதே வேகத்தில் முடியும் என்று மனம் சொல்ல வேண்டும். இரண்டு 10 உம் ஒரே வேகத்தில் வந்தால் மூன்று நான்கு கிழமை கழித்து நடுவிலுள்ள ஓய்வை எடுத்துவிட்டு ஒரேயடியாக 20 நிமிடம் ஓடலாம். கிழமைக்கு ஒரு தடவை போதும்.

வெயில் ஏறிய பிறகும் கச்சான் காற்று அடிக்கிற நாட்களிலும் அட்டவணை வேகத்தை மறந்துவிடுங்கள். உடம்பு சூடேறும்போது தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். அதே 5:35 க்கு நாடியும் ஏறும், லக்ரேற்றும் கூடும். அந்த நாட்களில் வரம்பு கீழே இறங்கிவிட்டது என்றே எடுக்க வேண்டும். மூச்சை வைத்து ஓடுங்கள்.

தர்ஷினி எழுதியது:

ரமீஸ் அண்ணாவின் கணக்கில் எனக்கு ஒரு சிக்கல். நான் பழக்குகிற பெண்களில் பலருக்கு 10 கிலோமீற்றர் ஓட 70 நிமிடம் பிடிக்கிறது. ‘10 கிலோமீற்றர் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக’ என்ற விதியை அவர்களுக்குச் சொன்னால், வரம்புக்குக் கீழே இருப்பவர்களை இன்னும் கீழே இறக்குகிறோம். கிலோமீற்றருக்கு 7:00 இல் 70 நிமிடம் ஓடுபவர் ஒரு மணித்தியாலம் மட்டுமென்றால் 6:55 அளவில் ஓடுவார். ஆகவே தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்போம். உயிரைக் கொடுத்து ஓடினால் ஒரு மணித்தியாலம் தாங்கும் வேகம். அதற்கு ‘மணிநேர வேகம்’ என்று பெயர் வைத்தால் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கத் தேவையில்லை, லக்ரேற் என்ற சொல்லே தேவையில்லை. எங்கள் ஊரில் எந்த மைதானத்தில் லக்ரேற் அளக்கிறார்கள்?

வனஜா எழுதியது:

தர்ஷினி சொல்வது பயிற்சிக்கு நல்ல சொல், ரமீஸின் கணக்கிலும் நான் பிடித்தது அதே ஒரு மணித்தியாலத்தைத்தான். ஆனால் அது வரம்பின் பெயரல்ல, வரம்பை மதிப்பிடும் ஒரு வழியின் பெயர். புதிதாக ஓட வந்தவர் அந்த வரம்பில் ஒரு மணித்தியாலம் தாங்கமாட்டார், 30, 40 நிமிடத்திலேயே வேறு காரணங்களால் களைத்துவிடுவார். அவருக்கு இரண்டும் ஒன்றாக வராது. சைக்கிள் ஓடுபவர்களும் இதே வரம்பைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர்கள் வேகத்தில் அளப்பதில்லை, வலுவில் அளக்கிறார்கள்.

யோகன் மாஸ்டர் எழுதியது:

நோவைப் பற்றி ரீச்சர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். உவர்மலை இறக்கம் எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ‘வரம்பு’ என்றால் எங்கள் பக்கத்துப் பெடியனுக்கு வயல் வரம்புதான் ஞாபகம் வரும். ‘தேங்கு’ என்றால் தேங்காய் என்று சிரிப்பான். எல்லை என்ற சொல்லை ஏன் கைவிட வேண்டும்? ‘தேக்க எல்லை’ என்று வையுங்கள். இன்னொன்று, 1500 மீற்றர் ஓடுகிற பிள்ளைக்கு இந்த 20 நிமிடம் எதற்கு? அவன் ஓடுவதே ஐந்து நிமிடம்.

வனஜா எழுதியது:

அந்த ஐந்து நிமிடமும் அவன் வரம்புக்கு மேலேதான் ஓடுகிறான், உண்மை. வரம்பு உயர்ந்தால் அதே வேகத்தில் லக்ரேற் ஏறும் விரைவு குறையும், கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அவனுக்கு வேக இடைவெளிப் பயிற்சி முதலில், ரெம்போ அதற்குப் பின்னால். அதில் உங்களோடு சண்டை இல்லை. ‘தேக்க எல்லை’யில்தான் சின்னத் தயக்கம். எல்லை என்றால் தாண்ட முடியாத கோடு போல ஒலிக்கிறது. இதைத் தாண்டலாம், நெடுநேரம் நிற்கத்தான் முடியாது.

ரமீஸ் எழுதியது:

இன்றைக்கு 10, 10 ஆகப் பிரித்து ஓடினேன் ரீச்சர். முதலாவது 5:41, இரண்டாவது 5:36 வேகம். வாந்தி இல்லை. ஆனால் ஒரு சந்தேகம், இது பயிற்சி போலவே தெரியவில்லை. இப்படி ஓடி வரம்பு கூடியதா என்று எப்படித் தெரியும்?

வனஜா எழுதியது:

இரண்டு மாதம் கழித்து, இதே ரோட்டில், இதே நேரத்தில் ஓடிப் பாருங்கள். அதே மூச்சுக்கு 5:25 வந்தாலோ, அதே 5:36 க்கு கழுத்தில் எண்ணும் நாடி குறைந்தாலோ கூடியிருக்கிறது. காலையில் ஓடியதை மாலையில் ஓடியதோடு ஒப்பிடாதீர்கள், அது வரம்பைக் காட்டாது, வெக்கையைத்தான் காட்டும்.

நிரஞ்சன் எழுதியது:

சரி. ‘லக்ரேற் வாசல்’ஐ எடுத்துவிடுகிறேன். முதலாவதற்கு ‘முதல் ஏற்றம்’, அதில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டாவதற்கு ‘லக்ரேற் தேங்கு வரம்பு’, ‘லக்ரேற் தேக்க எல்லை’ இரண்டையும் இப்போதைக்கு அருகருகே போடுகிறேன். ‘மணிநேர வேகம்’ தனிச் சொல்லாகப் போகும், புதியவருக்குப் பொருந்தாது என்ற குறிப்போடு. லக்ரேற்றா லாக்டேட்டா என்று தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். அதைத் தொடங்கினால் பொங்கல் வந்துவிடும், அடுத்த சுற்றில் பார்ப்போம்.