புதுக் கடன் வாங்காமல் எவ்வளவு வளரலாம்?

பனியன்யூனிட்: சொத்து ஒரு கோடி. சொந்த முதல் 60 லட்சம், வங்கிக் கடன் 40. வட்டி, வரி போக லாபம் 10 லட்சம். வீட்டுச் செலவுக்கு 4 எடுக்கிறேன். இனி கடனே வேண்டாம் என்றால் வருடம் எத்தனை சதவீதம் வளரலாம்?

வேலவன்: 10 லட்சம் லாபம், ஒரு கோடி சொத்து. 10 சதவீதம்தான்.

கணக்குப்பிள்ளை: வீட்டுக்கு எடுத்த 4 மெஷினாகாதே வேலவன். தொழிலில் தங்குவது 6. விற்பனை கூடினால் சொத்தும் அதே வீதத்தில் கூட வேண்டும், லாபமும் கூடும். ஒரு சதவீதம் வளர 1 லட்சம் சொத்து வேண்டும், அதில் 6 ஆயிரத்தை கூடும் லாபமே தந்துவிடும், மீதி 94 ஆயிரம். அதனால் 6-ஐ 94-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 6.4%. பழைய 40 அப்படியே நிற்கிறது என்று வைத்துத்தான் இது. அது தவணைக் கடனாக இருந்து, வருடம் 3 லட்சம் அசல் கட்டினால் 3.2% தான் வரும்.

வேலவன்: அப்படியென்றால் கடன் வாங்குவதே மேல். வட்டியைவிட லாப வீதம் அதிகம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை: முதல் பாதி சரி. சொந்த முதல் 3 ரூபாய்க்குக் கடன் 2 ரூபாய் என்ற இப்போதைய விகிதம் மாறாமல் வாங்கினால் சொத்துக்குப் பதில் சொந்த முதல் 60-லிருந்து 6-ஐக் கழித்து, 6-ஐ 54-ஆல் வகுக்கலாம், 11.1% வளரலாம். புதுக் கடன் நாலரை லட்சத்துக்குள்தான். 25% வளர ஆசைப்பட்டால் முதல் வருடமே பதினேழரை லட்சம் கடன் வேண்டும். இரண்டாம் வருட முடிவில் கடன் சொந்த முதலைத் தாண்டிவிடும். கூடும் வட்டியை இதில் நான் கழிக்கவே இல்லை. ஆர்டர் குறைகிற வருடமும் வட்டி குறையாது.

மளிகைமணி: எங்கள் கடை வங்கிப் பக்கமே போனதில்லை. போன வருடம் 20% வளர்ந்தோம். உங்கள் கணக்கு தப்பு.

கணக்குப்பிள்ளை: மொத்த வியாபாரி சரக்குக்கு எத்தனை நாள் தவணை தருகிறார்?

மளிகைமணி: 45 நாள். நாங்கள் விற்பது ரொக்கத்துக்கு.

கணக்குப்பிள்ளை: விற்பனை கூடக் கூட அந்த பாக்கியும் தானாகக் கூடுகிறது. உங்கள் வளர்ச்சிக்குப் பணம் போடுவது அவர்தான். தவணையை அவர் 15 நாளாக்கினால் அன்றே தெரியும். பனியன்காரருக்குத் தலைகீழ்: நூலுக்கு உடனே பணம், பையர் தருவதோ மாதங்கள் கழித்து.

பனியன்யூனிட்: ஆமாம், எங்கள் நிலைமை அதேதான். வீட்டுக்கு எடுக்காமல் இருந்தால்?

கணக்குப்பிள்ளை: 10-ஐ 90-ஆல் வகுத்துப் பாருங்கள். புதுக் கடன் இல்லாமலே 11.1%. உங்கள் எண்களுக்கு, விகிதம் மாறாமல் கடன் வாங்குவதும் வீட்டுக்கு எடுக்காமல் இருப்பதும் ஒன்றாகவே வருகிறது. நீங்கள் வாங்கப்போகும் கடன் உண்மையில் வீட்டுச் செலவை ஈடுகட்டுகிறது.

வேலவன்: அவர் குடும்பம் சாப்பிட வேண்டாமா? அந்த 4 லட்சம் அவருடைய உழைப்புக்குக் கூலி. அதை லாபம் என்று எழுதியதே பிழை.

கணக்குப்பிள்ளை: கூலியாகவே எழுதுங்கள். லாபம் 6 ஆகும், முழுதும் தொழிலில் தங்கும். ஆனால் விற்பனை கூடும்போது அந்தக் கூலியும் சேர்ந்து கூடுமா, 4-லேயே நிற்குமா? அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பனியன்யூனிட்: மகளுக்கு இந்த வருடம் காலேஜ். கூடத்தான் செய்யும்.