ஆயா வீட்டுக் குழு: தர்ஷினிக்குக் கேமராவா, போனா?

அம்மா: எல்லோருக்கும் வணக்கம். தர்ஷினிக்கு விஸ்காம் சீட் கிடைத்தது தெரியும்தானே. இப்போது கேமரா வேண்டும் என்கிறாள். கடையில் விசாரித்தேன். பாடி, இரண்டு லென்ஸ், பை, கார்டு எல்லாம் சேர்த்து 52 ஆயிரமாம். வெள்ளிக்கிழமை சீட்டுப் பணம் வருகிறது. வாங்கலாமா, போனே போதுமா? பாபு தம்பி, நீ சொல்.

சேகர் பெரியப்பா: வாங்கு மாலா. ஆவணியில் ரம்யா கல்யாணம். போட்டோ செலவு மிச்சம்.

ரம்யா அக்கா: அப்பா!

தர்ஷினி: பெரியப்பா, நான் இனிமேல்தான் கற்றுக்கொள்ளவே போகிறேன். கல்யாணம் எல்லாம் வேண்டாம்.

கோமதி அத்தை: சீட் கிடைத்ததா? எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா: போன வாரமே இங்கே போட்டேனே அண்ணி.

கோமதி அத்தை: ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

விமல் அண்ணா: போனே போதும். என் போன் 108 மெகாபிக்சல். கடைக்காரன் சொல்லும் கேமரா 24தான் இருக்கும்.

சேகர் பெரியப்பா: நீ பேசாதே. உனக்கு வாங்கித் தந்த கேமரா பீரோ மேல் கிடக்கிறது.

பாபு சித்தப்பா: இப்போதுதான் வேலை முடிந்தது. தர்ஷினி, நீ என்ன எடுக்க நினைக்கிறாய்? அதைச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

தர்ஷினி: காசிமேடு சித்தப்பா. விடியற்காலை மீன் ஏலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஞாயிறு போய்விட்டேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இதோ.

*படம்*

கோமதி அத்தை: விடிவதற்கு முன்னால் தனியாகவா போகிறாள்?

அம்மா: பக்கத்து வீட்டு அக்கா கூடை எடுக்கப் போவார்கள், அவர்களோடுதான் அண்ணி.

கோமதி அத்தை: வஞ்சிரம் என்ன விலை அங்கே?

பாபு சித்தப்பா: படம் நன்றாகத்தான் இருக்கிறது. மீன் பெட்டி, ஐஸ், பின்னால் நிற்கும் லாஞ்ச் படகு எல்லாம் தெளிவு. பெட்டியைத் தூக்கும் ஆளின் கையும் முகமும் மட்டும் இழுபட்டிருக்கின்றன. கேலரியில் படத்தை மேலே தள்ளினால் விவரம் வரும். அதை அப்படியே போடு.

தர்ஷினி: f/1.8, 1/25, ஐஎஸ்ஓ 800.

பாபு சித்தப்பா: சரி, அதில்தான் விஷயம் இருக்கிறது. ஷட்டர் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. அதற்குள் அவர் கை கொஞ்சம் நகர்ந்துவிட்டது. லாஞ்ச் நகரவில்லை, அதனால் தெளிவு. கை நடுங்கியிருந்தால் லாஞ்சும் சேர்ந்தே இழுபட்டிருக்கும். ஆக உன் கையில் தப்பில்லை. அவரை நிறுத்திப் பிடிக்க 1/125 ஆவது வேண்டும். ஐந்து மடங்கு வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 4000 ஆகிவிடும். போனில் அவ்வளவு ஏற்றினால் முகம் மணல் கொட்டியது மாதிரி இருக்கும். அதை மறைக்கத்தான் போன் மெழுகுபோல வழித்துவிடுகிறது.

விமல் அண்ணா: அதற்குத்தான் நைட் மோட் இருக்கிறதே.

பாபு சித்தப்பா: நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் விமல். கோயில் கோபுரத்துக்கு நன்றாக வரும். பெட்டி தூக்கும் ஆள் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பாரே. அப்புறம் அந்த 108. இருட்டில் உன் போன் ஒன்பது புள்ளியைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தரும்.

அம்மா: அப்படியென்றால் கேமரா வாங்கிவிடலாமா?

பாபு சித்தப்பா: அவசரப்படாதீர்கள் அண்ணி. கடையில் பாடியோடு தரும் 18-55 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் பக்கமாகத் தெரிய 55-க்குத் திருகினால் அதன் வாய் f/5.6 வரைதான் திறக்கும். இந்த எண் கூடினால் வாய் சிறியது என்று அர்த்தம். போனின் f/1.8-ஓடு பார்த்தால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். அதே இருட்டில் அதே 1/125-க்கு ஐஎஸ்ஓ 40,000 கேட்கும். கேமராவின் சென்சார் போன் சென்சாரைவிட ஏழெட்டு மடங்கு பெரியது, அது பெரிய பலம்தான். ஆனால் அந்தப் பலத்தை இந்த லென்ஸே தின்றுவிடுகிறது. 52 ஆயிரம் கொடுத்துவிட்டு, அதே காசிமேட்டில் அதே மாதிரி படத்தோடு வந்து நிற்பாள்.

தர்ஷினி: இது எனக்கு யாருமே சொல்லவில்லை.

சேகர் பெரியப்பா: ஏன்டா, நீ கல்யாணத்துக்கு எல்லாம் அந்தச் சின்ன லென்ஸ்தானே வைத்திருந்தாய்?

பாபு சித்தப்பா: பிளாஷ் போட்டேன் அண்ணா. மண்டபத்தில் போடலாம். ஏலத்தில் ஆள் மூஞ்சியில் அடித்தால் அடுத்த ஞாயிறு உள்ளே விடமாட்டார்கள்.

கோமதி அத்தை: ஆயா கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. இன்று ஆயா வீட்டுக்கு யார் போகிறீர்கள்?

ரம்யா அக்கா: நான் வண்ணாரப்பேட்டை வழியாகத்தான் வருகிறேன் அத்தை. வாங்கி வருகிறேன்.

தர்ஷினி: அப்போது என்னதான் செய்வது சித்தப்பா?

பாபு சித்தப்பா: இரண்டு வழி. முதல் வழிக்குச் செலவில்லை. ஏலம் முடிந்ததும் கிளம்பி வந்துவிடாதே. ஆறேகாலுக்கு மேல் அங்கேயே நில். வலை பிரிப்பார்கள், ஐஸ் உடைப்பார்கள், கூடை ஏற்றுவார்கள். புரோ மோடில் ஷட்டரை 1/250-ல் வை, ஐஎஸ்ஓவை நீயே மாற்று. அதே போனில் கை உறைந்து நிற்கும். ஷட்டரும் ஐஎஸ்ஓவும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்று இரண்டு மாதத்தில் விரலுக்குப் பழகிவிடும். போனில் கற்க முடியாதது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் வாயின் அளவு, ஒன்றுதான். பெரும்பாலான போன்களில் அது மாறாது.

தர்ஷினி: ஆனால் எனக்கு அந்த இருட்டுதான் வேண்டும். பல்பு வெளிச்சத்தில் அந்த முகங்கள். விடிந்ததும் அது போய்விடுகிறது.

பாபு சித்தப்பா: அப்படியென்றால் இரண்டாவது வழி. பழைய பாடி ஒன்று, அதோடு 50 எம்எம் f/1.8 லென்ஸ் ஒன்றே ஒன்று. பை, இரண்டாவது லென்ஸ் எதுவும் வேண்டாம். அதில் ஐஎஸ்ஓ 4000 போதும், அந்தப் பெரிய சென்சார் அதைத் தாங்கும். ஜூம் கிடையாது, நீதான் முன்னே பின்னே நடக்க வேண்டும். நிக்கானின் 3000 வரிசை பாடி என்றால் லென்ஸ் மேல் AF-S என்று இருக்கிறதா பார். பழைய வகை லென்ஸ் மாட்டினால் போகஸ் தானாக ஓடாது, அந்தப் பாடிக்குள் மோட்டார் இல்லை.

விமல் அண்ணா: பீரோ மேல் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டுமே. நான் தொட்டு நான்கு வருடம் ஆகிறது.

சேகர் பெரியப்பா: அது 38 ஆயிரம். சும்மாவா?

அம்மா: மாமா, பணம் கொடுத்துவிடுகிறோம்.

சேகர் பெரியப்பா: நான் அப்படிச் சொல்லவில்லை மாலா.

பாபு சித்தப்பா: விமல், லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிகிறதா?

*22 நிமிடம் கழித்து*

விமல் அண்ணா: தெரிகிறது. ஓரத்தில் வெள்ளையாக, வேர் மாதிரி.

பாபு சித்தப்பா: பூஞ்சை. ராயபுரம் காற்றில் ஈரம் அதிகம், தோல் பையிலேயே மூடி வைத்ததும் சேர்ந்துகொண்டது. அந்த லென்ஸை விட்டுவிடு, மற்ற லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காதே. பாடி நன்றாக இருந்தால் பிழைத்தோம். பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா பார்.

விமல் அண்ணா: சார்ஜரைத் தேட வேண்டும்.

தர்ஷினி: கல்லூரி லேபிலும் கேமரா இருக்குமாம், சீனியர் அக்கா சொன்னார்கள். வீட்டுக்குத் தருவார்களா தெரியவில்லை.

பாபு சித்தப்பா: முதலில் அதைக் கேள். ஞாயிறு வரை எதையும் வாங்காதீர்கள் அண்ணி.

அம்மா: கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் இந்த விலை என்றாரே.

பாபு சித்தப்பா: போகட்டும். தர்ஷினி, இந்த ஞாயிறு நானும் வருகிறேன். என் 50-ஐ எடுத்து வருகிறேன். விமல் பாடிக்குப் பொருந்துமா என்று அங்கேயே மாட்டிப் பார்க்கலாம்.

கோமதி அத்தை: போனால் எனக்கு ஒரு கிலோ சங்கரா. வஞ்சிரம் விலை யாரும் சொல்லவே இல்லை.

விமல் அண்ணா: சார்ஜர் எங்கே அப்பா?